3 லட்சம் பாலிசி, 5,000 ரூவா ரூம், கைய விட்டுப் போன 44,000

ஈரோட்டுல இருந்து எழுதறனுங்க. 2016ல எடுத்த ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசி, 3 லட்சம் கவர், எட்டு வருசமா ஒருக்காகூட பிரீமியம் தவறுனதில்ல. 2024லதான் முதல் கிளைம், அம்மாவுக்கு பித்தப்பைல கல்லு, கோயமுத்தூர்ல ஆபரேஷன்.

அட்மிஷன்ல "சிங்கிளுங்களா, ஷேரிங்குங்களா"ன்னு கேட்டாங்க. அம்மாவுக்கு பக்கத்து பெட்ல ஆள் இருந்தா தூக்கமே வராது, அதனால 5,000 ரூவா சிங்கிள் ரூம் எடுத்தோம். பாலிசில ரூம் வாடகை லிமிட்டு கவர்ல 1 சதவீதம், அதாவது நாளைக்கு 3,000. நாலு நாளு, நாளைக்கு 2,000 சேர்த்தி, மொத்தம் 8,000 நாமளே கட்டிக்கலாம்னுதான் நெனச்சேன்.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு பில்லு 1,50,000, கம்பெனி குடுத்தது 90,000. மஞ்சள் வித்த காசு கையில இருந்ததால கட்டிட்டு கூட்டியாந்தேன்.

விசயம் என்னன்னா, நெறைய ஆஸ்பத்திரில ரூம் பெருசானா ரூம் வாடகை மட்டும் ஏறறதில்லீங்க, அதே டாக்டர், அதே தியேட்டர்தான், ஆனா சர்ஜன் ஃபீஸ், மயக்க டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாமே ரூம் வகைக்குத் தகுந்தாப்ல ஏறும். அதனால கம்பெனிக்காரங்க 5,000க்கு 3,000ன்னா 60 சதவீதம், அதே 60 சதவீதம்தான் மத்ததுக்கும்னு வெட்டிடறாங்க. லெட்டர்ல 'ப்ரபோர்ஷனேட் டிடக்‌ஷன்'னு ஒரே வரி.

ஆனா அதுலயும் ஒரு தப்பு இருந்துச்சு. எங்க பில்லுல ரூம் 20,000, டாக்டர் தியேட்டர் வகையறா 90,000, மருந்து 25,000, டெஸ்ட் 15,000. மொத்தத்துலயும் 40 சதவீதம் கழிச்சுட்டாங்க. இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கற ஐஆர்டிஏஐ 2020ல கொண்டாந்த விதிப்படி மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், இம்பிளாண்ட், டெஸ்ட் இதுலயெல்லாம் இந்த விகிதத்துல வெட்டக்கூடாது, ஐசியூ சார்ஜுலயும் கூடாது. ரூம் வாரியா ரேட்டு மாத்தாத ஆஸ்பத்திரின்னா இந்த வெட்டே கெடையாது. பில்லோட பாலிசி பக்கத்தையும் வெச்சு கம்பெனியோட புகார் பிரிவுக்கு மெயில் போட்டேன், மருந்து டெஸ்ட் 40,000ல வெட்டுன 16,000 அக்கவுண்ட்டுக்கு வந்துச்சு. மிச்ச 44,000 போனது போனதுதான், அதுல ரூம் வாடகை 8,000தான், 36,000 டாக்டர் தியேட்டர் வகைல போனது. 3 லட்சத்துல பாதிக்கு மேல அப்படியே கெடக்கறப்ப கைக்காசு போச்சேன்னுதான் மனசு ஆறல.

போன மாசம் மச்சானுக்கு குடலிறக்க ஆபரேஷன், அவருக்கும் இதே லிமிட்டு. அட்மிஷனுக்கு முன்னாடியே ரெண்டு ரூமுக்கும் தனித்தனியா எஸ்டிமேட் எழுதி வாங்குனோம், வாடகையில நர்சிங் சார்ஜ் சேருமான்னும் கேட்டோம், ஏன்னா நெறைய பாலிசில அந்த 3,000க்குள்ள நர்சிங்கும் அடக்கம். ரெண்டும் சேந்து 2,800 வர்ற ஷேரிங் ரூம்லயே படுத்துக்கிட்டாரு, விகிதத்துல ஒரு ரூவாகூட வெட்டல.