எச்சத் தொடரைப் பிரெஞ்சில் பெயர்க்கும்போது: ஜெரோந்தீஃபா, தனித்தனி வினைமுற்றுகளா?

பிரான்சில் புகலிடம் கோருகிறவர் தமக்கு நேர்ந்ததை எழுதி, நிரப்பிய படிவத்தோடு, கோரிக்கைகளை ஆராயும் ஒஃப்ப்ரா அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். படிவம் பிரெஞ்சில் இருக்க வேண்டும்; அனுப்புவதற்குக் கிடைப்பது 21 நாள். அந்த எழுத்தைப் பிரெஞ்சில் 'ரெசி' என்பார்கள். இலங்கைத் தமிழர் சிலர் தமிழில் எழுதித் தந்ததைப் பெயர்த்த அனுபவத்தில், அவர்களுடைய நீண்ட வினையெச்சத் தொடர்களைப் பிரெஞ்சில் கையாள என் முன்னால் இருந்த இரண்டு வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். நான் முதலில் ஒன்றைப் பின்பற்றி, பிறகு மற்றதற்கு மாறியவன் என்பதால் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

பேச்சுக்கு ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம். எந்த ஒருவருடையதும் அல்லாமல் நானே அமைத்தது. ஆனால் இந்த வார்ப்பில்தான் பெரும்பாலும் வரும். "காலையில் அவர்கள் வந்து, கதவைத் தட்டி, நான் திறந்ததும் உள்ளே நுழைந்து, அண்ணனைத் தேடி, காணாமல், என்னை அடித்து, வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய், முகாமில் மூன்று நாள் வைத்திருந்து, அம்மா வந்து கெஞ்சி, காசு கட்டி, என்னை விட்டார்கள்." தமிழில் இதைப் படிக்கிற யாருக்கும் ஐயம் எழாது. முற்று ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் எச்சம்.

முதல் வழி, எச்சத்துக்கு எச்சம் வைப்பது. பிரெஞ்சில் 'ஆன்' சேர்ந்து வரும் ஜெரோந்தீஃப் வடிவமும், 'அயான்' என்று தொடங்கி முடிந்த செயலைக் குறிக்கும் எச்ச வடிவமும் இதற்குக் கைகொடுக்கும். இரண்டாவது வழி, தொடரை வெட்டி ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வினைமுற்று தந்து, இடையில் பொருத்தமான இணைப்புச் சொல் வைப்பது. முதல் வழியில் தமிழின் நடை காக்கப்படுகிறது என்ற எண்ணம் ஏற்படும். அது எண்ணம் மட்டுமே. ஜெரோந்தீஃப் ஒரே நேரத்தில் நடப்பதையோ, எப்படி நடந்தது என்பதையோதான் காட்டும். ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதைக் காட்டாது. 'தட்டி நுழைந்தார்கள்' என்பதை அந்த வடிவில் வைத்தால் தட்டிக்கொண்டே நுழைந்ததாகத்தான் பிரெஞ்சுக்காரர் படிப்பார். 'அயான்' வடிவம் வரிசையைச் சரியாகக் காட்டும். ஆனால் அடுத்தடுத்து மூன்று வந்தால் நொத்தாரிசின் பத்திரம் போல ஆகிவிடும்.

இவை சிறிய விஷயங்கள். என்னை மாற்றியது வேறொன்று: செயலைச் செய்தவர் யார் என்ற கேள்வி.

ஜெரோந்தீஃபின் எழுவாய், தலைமை வினையின் எழுவாயாகவே இருக்க வேண்டும் என்பது பிரெஞ்சு இலக்கணம். செய்து என்னும் எச்சம் வினைமுதலோடு முடியும் என்று தொல்காப்பியமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. ஆனால் 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்று நாம் தயங்காமல் சொல்கிறோம். பெய்தது மழை, நிறைந்தது குளம். காரணமும் விளைவும் தெளிவாக இருக்கும் இடத்தில் தமிழ் எழுவாயை மாற்றிக்கொள்ளும். மேலே உள்ள தொடரின் கடைசிப் பகுதியில் நடப்பதும் அதுவே. வந்தது, கெஞ்சியது, கட்டியது அம்மா, விட்டது அவர்கள். இதை ஜெரோந்தீஃபில் வைத்தால், காசு கட்டியவர்கள் பிடித்துப்போனவர்களே என்று ஆகிவிடும்.

ஆரம்பத்தில் இப்படி ஒரு பிழையை நானே செய்தேன். பின்னால் நடக்கும் நேர்காணலில் அதிகாரியின் கையில் இருப்பது நாம் பெயர்த்த பிரெஞ்சுப் பிரதி. உரைபெயர்ப்பாளர் மூலம் புகலிடம் கோருகிறவர் தமிழில் சொல்வது அந்தப் பிரதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கப்படும். காசு கட்டியது யார் என்ற கேள்விக்கு அவர் சொன்ன உண்மையான பதில், என் வாக்கியத்துக்கு முரணாக நின்றது. முரண் அவருடையதல்ல, என்னுடையது. அதை விளக்கிச் சொல்லும் நிலைமை அவருக்கு வந்தது.

வினைமுற்றாக எழுதும்போது இந்தத் தவறு நழுவிப் போக இடமில்லை. பிரெஞ்சில் முற்றுக்கு எழுவாய் வேண்டும். அடுக்கி எழுதும்போது எழுவாயை மீண்டும் சொல்லாமல் விட்டாலும், முன்னால் சொன்னதே தொடர்கிறது என்று பொருள். எனவே ஒவ்வொரு எச்சத்திடமும் 'செய்தது யார்' என்று கேட்டே ஆக வேண்டும். 'அம்மாவுக்காகக் காசு கட்டியது மாமாவாக இருக்குமோ' என்று சந்தேகம் வந்தால் எழுதியவரிடமே கேட்கிறேன். உண்மையிலேயே ஆள் தெரியாத இடத்தில் மட்டும் 'ஓன்' என்ற பொது எழுவாயை வைக்கிறேன். அது 'நாங்கள்' என்றும் பொருள்படும் என்பதால் வசதிக்காக அதைத் தொட மாட்டேன்.

வெட்டுவதற்கு முன் ஒரு வேலை உண்டு: எது தனிச் செயல், எது கூட்டுவினை என்று பிரிப்பது. 'ஏற்றிக்கொண்டு போய்' என்பது இரண்டு செயல் அல்ல, பிரெஞ்சில் ஒரே வினை. 'வைத்திருந்து' அதுபோலவே. இதைச் செய்த பிறகு என் பிரதி ஏறத்தாழ இப்படி அமைகிறது: "அவர்கள் காலையில் வந்து கதவைத் தட்டினார்கள். நான் திறந்ததும் உள்ளே நுழைந்து அண்ணனைத் தேடினார்கள். அவரைக் காணாததால் என்னை அடித்தார்கள், பிறகு வாகனத்தில் கொண்டுபோனார்கள். முகாமில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். என் அம்மா வந்து கெஞ்சினார், காசு கட்டினார். அதன் பின் என்னை விட்டார்கள்." 'வந்து தட்டினார்கள்' என்று நான் தமிழில் எழுதிய இடத்தில் பிரெஞ்சில் இரண்டு முற்றுகள், இடையில் 'எ'. 'திறந்ததும்' என்பதற்கு 'கான்', 'பிறகு' என்பதற்கு 'புயீ', 'அதன் பின்' என்பதற்கு 'அலோர்'. ஒவ்வொரு வாக்கியத்திலும் 'புயீ' வைத்தால் பள்ளிக் கட்டுரையாகிவிடும். ஆளோ இடமோ மாறும் திருப்பத்தில் வைத்தால் போதும்.

இந்த வழியின் விலையையும் சொல்ல வேண்டும். இணைப்புச் சொல், தமிழ் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடும். 'காணாமல் என்னை அடித்து' என்பதில், காணாததுதான் அடித்ததற்குக் காரணமா, அல்லது காணவில்லை, அடித்தார்கள் என்று இரண்டு நிகழ்ச்சிகளா? 'காணாததால்' என்பதற்குக் 'கொம்' என்று எழுதிய கணத்தில் நான் அடித்தவர்களின் நோக்கத்தை எழுதிவிட்டேன். புகலிடக் கோரிக்கையில் நோக்கம் சாதாரணச் செய்தி அல்ல. எனவே காரணத்தைக் குறிக்கும் சொல்லை எழுதியவர் ஒப்புக்கொண்டால் மட்டும் வைக்கிறேன். இல்லாவிட்டால் 'அண்ணனைக் காணவில்லை. என்னை அடித்தார்கள்' என்று முற்றுப்புள்ளியோடு நிறுத்துகிறேன். முதல் வழியில் 'அயான்' வடிவம் இந்தத் தெளிவின்மையை ஓரளவு அப்படியே காக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'என் அம்மா காசு கட்டியிருக்க' என்பது போலத் தனி எழுவாயோடும் அது வரக்கூடும், இலக்கணப் பிழையும் இல்லை. ஒரு பக்கத்தில் ஒரு முறை வந்தால் எனக்கும் மறுப்பில்லை.

ஜெரோந்தீஃபை நான் முழுவதும் கைவிடவும் இல்லை. 'அழுதுகொண்டே சொன்னார்', 'ஓடி வந்தேன்' போன்றவற்றில் செய்பவர் ஒருவரே, செயலின் விதமே சொல்லப்படுகிறது. அங்கே அது கச்சிதமாகப் பொருந்துகிறது. கதையிலக்கியத்தில் நிலைமை வேறாக இருக்கலாம். அங்கே மூச்சுவிடாமல் ஓடும் தொடரே ஆசிரியரின் நோக்கமாக இருக்கும்போது, வெட்டுவது நடையைக் கொல்லும். நான் பெயர்த்தவை இரண்டு சிறுகதைகள் மட்டும். அவற்றிலும் பாதி வழியில் வினைமுற்றுகளுக்குத்தான் திரும்பினேன். ஆனால் அங்கே முற்றுப்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளிகளும் காற்புள்ளிகளும் வைத்து ஓட்டத்தைக் காக்க முயன்றேன். ஒரு கதையில் அது பலித்தது.