"அதே சிப்தான் சார்" என்றார்கள், 11 நாள் போனது

சிப் வாங்கித் தருகிறவர் வாய்வார்த்தையை நம்பி நான் மாட்டிக்கொண்ட கதை இது. டெலிவரி ஏன் தள்ளிப்போனது என்று கிளையண்ட்டுக்கு அனுப்பிய மெயிலையே போடுகிறேன், அதில் எல்லாம் இருக்கிறது.

"வணக்கம் சார். உங்கள் 40 போர்டுகளிலும் ஒரே கோளாறுதான். பேட்டரியை மிச்சப்படுத்தத் தூங்கும் சிப் எழுந்ததும் மீட்டரிடம் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் வருவதில்லை. ஒரு விநாடி காத்திருந்து மறுபடி கேட்டால் வந்துவிடுகிறது. அதனால் ரீடிங் சரியாகவே தெரியும், பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும்.

பழைய ரிவிஷன் சிப்பில் ஒரு பிழை உண்டு. எழுந்தவுடன், மீட்டருக்குத் தகவல் அனுப்பும் யுஏஆர்டி பகுதி அனுப்பும் முதல் பைட் தொலைந்துபோகும். தயாரிப்பாளரின் பிழைப் பட்டியலான எர்ரேட்டாவில் சொன்னபடி, தொலையட்டும் என்றே முன்னால் ஒரு வெற்று பைட் அனுப்பினேன். உங்கள் போர்டுகளில் இருக்கும் புதிய ரிவிஷனில் அந்தப் பிழையைச் சரிசெய்துவிட்டார்கள். இப்போது அந்த வெற்று பைட்டும் மீட்டருக்குப் போய்ச் சேருகிறது. லாஜிக் அனலைஸரில் பார்த்தது இது:

```
பழையது:    01 03 00 00 00 02 C4 0B
புதியது: 00 01 03 00 00 00 02 C4 0B
```

மீட்டரோடு பேசும் மோட்பஸ் முறையில் முதல் பைட்தான் முகவரி. மீட்டர் 00-ஐ முகவரியாக எடுத்துக்கொள்கிறது, கடைசியில் வரும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் பொருந்தாமல் போகிறது, பேசாமல் இருந்துவிடுகிறது.

இதைப் பிடிக்க இவ்வளவு நாள் ஆனதில் என் தப்பும் உண்டு. டிபக்கரைச் செருகியே சோதித்தேன். அது செருகியிருக்கும்போது இந்தச் சிப் முழுசாகத் தூங்காது, கோளாறும் தலைகாட்டாது. இப்போது ஃபர்ம்வேர் தொடங்கும்போதே ரிவிஷன் எண்ணைப் படித்துவிட்டு, பழைய சிப் என்றால் மட்டும் வெற்று பைட்டை அனுப்புகிறது. இரண்டு வகையிலும் டிபக்கர் இல்லாமல் ஓட்டிப் பார்த்தாயிற்று."

கிளையண்ட் நல்ல மனிதர், புரிந்துகொண்டார். என் கோபமெல்லாம் சப்ளையர் மேல்தான். ஆர்டர் போடும் முன்பே, சாம்பிளில் இருந்த ரிவிஷன்தானா என்று எழுதிக் கேட்டிருந்தேன். "அதே சிப்தான் சார், ஒரு மாற்றமும் இல்லை" என்று பதில் வந்தது. சிப்பின் மேல் இரண்டாவது வரியில் கடைசி எழுத்து A-க்குப் பதில் B என்று இருந்ததை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகுதான் கவனித்தேன். ஆர்டர் எண்ணில் அந்த எழுத்தே கிடையாது, அதனால் பில்லில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சிப் தயாரிப்பாளரிடமிருந்து மாற்ற அறிவிப்பு ஏதாவது வந்ததா என்று கேட்டதும் உடனே அனுப்பினார்கள். தேதி பார்த்தால், நான் ஆர்டர் போடுவதற்கு 5 மாதம் முந்தியது! கையில் வைத்துக்கொண்டேதான் மாற்றமில்லை என்று எழுதியிருக்கிறார்கள். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், "பார்ட் நம்பர் சரியாகத்தானே இருக்கிறது" என்கிறார்கள்.

இப்போதெல்லாம் பணம் கட்டும் முன், ரீலில் உள்ள சிப்பின் மேல் எழுத்து தெரிகிற மாதிரி போட்டோ கேட்கிறேன். அப்புறம், மாற்ற அறிவிப்பு இல்லை என்பதை பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுகிறேன். இந்த சப்ளையரிடம் அந்த வரியோடு ஒரு ஆர்டர் அனுப்பிப் பார்த்தேன். இன்னும் கையெழுத்தாகி வரவில்லை.