பொங்கல் எந்த முற்றத்தில், வருசம் எந்த வீட்டில்?

எங்கள் முல்லைத்தீவுப் பக்கத்தில் வீட்டையும் வளவையும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுப்பதால், கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெரும்பாலும் மனைவியின் ஊருக்கு வருவார். நாங்களும் முள்ளியவளையில் அம்மாவின் வளவிலேயே இருக்கிறோம். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. மாமாவும் மாமியும் மல்லாவியில். அம்மா என்னை ஒரு நாளைக்குப் பத்துத்தரம் காண்கிறார். மாமி மகனைக் காண்பது நல்லநாள் பெருநாளுக்குத்தான். அதனால் 'பண்டிகையைச் சரிபாதியாகப் பிரிப்போம்' என்று தொடங்கினால் கணக்கு முதல் வரியிலேயே பிழைத்துவிடும்.

வருடம் மாறி வருடம் போவதுதான் முதலில் எல்லாருக்கும் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. முதல் வருடம் அம்மா வீடு, அடுத்தது மல்லாவி என்று பேசி வைத்தோம். அந்த இரண்டாம் வருடம் மார்கழியில் மாமாவின் தமையன் தவறிவிட்டார். முப்பத்தொரு நாள் துடக்கு. பொங்கல் அதற்குள் விழுந்தது. மல்லாவியில் பானை வைக்கவில்லை, துடக்கு எங்களுக்கும் சேர்த்துத்தான் என்பதால் நாங்கள் எங்கேயும் பொங்கவில்லை. அடுத்த தையில் பிரச்சினை வந்தது. "எங்கட முறை வீணாப் போச்சுது, இந்த முறை இஞ்சதானே?" என்றார் மாமி. பேசியபடி இது தன் முறை என்றார் அம்மா. இரண்டுமே நியாயம்! முறை வைத்தால் யார் யாருக்குக் கடன் என்ற கணக்கும் கூடவே வந்துவிடுகிறது. துடக்கு, பிள்ளைப்பேறு, கணவருக்கு லீவு கிடைக்காதது எல்லாம் அதில் ஏறிக்கொண்டே போகும்.

சரி, ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கும் போவோம் என்று அடுத்ததாகப் பார்த்தோம். விடிய அம்மா வீட்டில் பொங்கிவிட்டு, மோட்டார் சைக்கிளில் பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு ஒட்டுசுட்டான், மாங்குளம் சந்தி தாண்டி மல்லாவி போய்ச் சேர பத்து மணி கடந்துவிட்டது. முற்றத்துக் கோலத்தில் கோழி நடந்திருந்தது. அடுப்புக் கல்லில் சூடு இல்லை. மாமி வாழையிலையில் பொங்கலை வைத்துவிட்டு, "சாப்பிடத்தானே வந்தனீங்கள், சாப்பிடுங்கோ" என்றார். பால் பொங்கி வழியும்போது பக்கத்தில் நின்று வெடி கொளுத்தினால்தான் அது பொங்கல். பிறகு வந்தால் வெறும் சர்க்கரைச் சோறு.

ஆனால் இதே வழி சித்திரை வருசத்துக்கு நன்றாக வேலை செய்கிறது. மருத்துநீர் வைக்கிற புண்ணிய காலம் எட்டு மணி நேரம் நீளும். கைவிசேஷத்துக்கும் பஞ்சாங்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நேரமும் நாளும் போட்டிருக்கும். அம்மா வீட்டில் முழுகி அன்றைக்கே கைவிசேஷம் வாங்கி, அடுத்த நல்ல நேரத்துக்கு மல்லாவி போகலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாமா வாக்கியம் பார்ப்பார், அப்பா திருக்கணிதம். இரண்டிலும் நேரம் வேறு. முன்கூட்டியே கேட்காமல் புறப்பட்டால், அங்கே போகும்போது நேரம் முடிந்திருக்கும்.

இப்போது நாங்கள் செய்வது, பண்டிகையையே ஒரு வீட்டோடு கட்டிவிடுவது. பொங்கல் எப்போதும் மல்லாவி. அங்கே வயல் உண்டு, பட்டியில் மாடு உண்டு. அடுத்த நாள் பட்டிப்பொங்கலும் இருப்பதால் ஓடிப்போய் ஓடிவர முடியாது. (எல்லாரையும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிடலாமே என்று தங்கச்சி கேட்டாள். மாட்டை யார் பார்ப்பது?) தீபாவளி அம்மா வீட்டில். வைகாசி விசாகத்தை ஒட்டி வருகிற வற்றாப்பளை அம்மன் பொங்கல் எங்கள் பக்கத்தில் என்பதால் மாமாவும் மாமியும் இங்கே வந்து தங்குவார்கள். காட்டு விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிவதைக் கும்பிட்டு, அம்மாவோடு சேர்ந்தே வற்றாப்பளைக்குப் போவார் மாமி. வருகிறவரும் வரவேற்கிறவரும் இடம் மாறுகிற அந்த மூன்று நாள், மற்றப் பேச்சுவார்த்தைகளை விடக் கூட உதவியது.

இதிலும் குறை உண்டு. பொங்கலன்று அம்மாவின் முற்றத்தில் நான் இல்லை, இனி எந்த வருடமும் இல்லை. வளவில் தங்கச்சி இருப்பதால்தான் இதைத் துணிந்து செய்தேன். அம்மாவும் அப்பாவும் தனியாக இருந்தால் சம்மதித்திருக்க மாட்டேன். துடக்கு வந்தாலும் யாருக்கும் முறை பாக்கி இல்லை, அந்த வருடம் அவ்வளவுதான். அப்புறம், சொல்ல வேண்டியதை அவரவர் அம்மாவிடம் அவரவரே கார்த்திகைக்குள் சொல்லிவிடுகிறோம். என் முடிவை என் அம்மா கணவர் வாயாலோ, அவர் முடிவை மாமி என் வாயாலோ கேட்டால்தான் கோபம் வருகிறது.

மல்லாவிக்குப் புறப்படும்போது அம்மா ஒரு சுண்டு பச்சையரிசி கட்டித் தருவார். மாமி அதை அவிழ்த்து, கல் இருக்குது என்று ஒரு சொல் சொல்லி, இன்னொரு தரம் அரித்துத்தான் பானையில் போடுவார்.