பில் ஏறுச்சா, ஏறலையா?

கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றைப் பராமரிப்பது என் வேலை. அதன் பிழைச் செய்திகளைத் திருத்தி எழுத ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. ஆரம்பித்து வைத்தவர் ஒரு ஜவுளிக்கடை அக்கா. மாலை நேரக் கூட்டத்தில் அவர் திரையில் இது வந்து நின்றது:

```
SQLSTATE[23000]: Integrity constraint violation: 1062 Duplicate entry '1042' for key 'bill_no'
```

போனில் எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "அதெல்லாம் கெடக்கட்டும் தம்பி, பில் ஏறுச்சா ஏறலையா?"

நடந்தது சின்ன விஷயம்தான். இரண்டு கவுண்டரும் பில் திரையைத் திறக்கும்போது கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டி, ஆளுக்கு ஒரு 1042-ஐக் காட்டிக்கொண்டிருந்தன. முதலில் சேமித்தவருக்கு அந்த எண் போய்விட்டது. ஜிஎஸ்டி விதிப்படி ஒரு நிதியாண்டில் ஒரே எண் இரண்டு பில்லில் வரக்கூடாது என்பதால், டேட்டாபேஸ் இரண்டாவதை மறுத்தது. அது சரியாகத்தான் நடந்துகொண்டது. சொன்ன விதம்தான் யாருக்கும் புரியவில்லை.

நான் செய்த முதல் திருத்தம் படு மோசம். எல்லாப் பிழைக்கும் பொதுவாக "ஏதோ தவறு நடந்துவிட்டது, மீண்டும் முயலவும்" என்று போட்டேன். அக்கா மீண்டும் முயன்றார். திரையில் அதே 1042 இருந்ததால் அதே பிழைதான் வந்தது. பழைய செய்தியாவது எனக்கு 1062 என்ற பிழை எண்ணைக் கொடுத்தது. இது அதையும் மறைத்துவிட்டது. நடுவில் சில நாள் ஆங்கிலத்தை அப்படியே தமிழாக்கி "ஒருமைப்பாட்டுக் கட்டுப்பாடு மீறல்" என்றும் வைத்துப் பார்த்தோம். ஒரு மளிகைக்கடைக்காரர் பதறிப்போய், "என்ன மீறல் சார், ஜிஎஸ்டியா?" என்று கேட்டார். அன்றே எடுத்துவிட்டேன்.

அப்புறம் அக்கா கேட்ட கேள்விக்கான பதிலையே முதல் வரியாக வைத்தேன்: "இந்த பில் ஏறவில்லை. 1042-ஐ இன்னொரு கவுண்டரில் போட்டுவிட்டார்கள். நீங்கள் அடித்த பொருட்கள் அப்படியே இருக்கின்றன. 'புது எண்ணில் சேமி' என்பதை அழுத்துங்கள்." அந்தப் பட்டனை இதற்காகவே சேர்த்தோம். இரண்டு வாரம் போன் வரவில்லை.

மூன்றாவது வாரம் வேறொரு கடையிலிருந்து போன் வந்தது. புது வாடிக்கையாளரைச் சேர்க்கும்போது "இந்த பில் ஏறவில்லை" என்று வருகிறதாம், அவர் பில்லே போடவில்லை. 1062 என்றால் தனித்து இருக்கவேண்டிய ஏதோ ஒரு மதிப்பு இரண்டாவது முறை வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அது வாடிக்கையாளரின் போன் நம்பராகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்துச் செய்தி எழுதியது என் தப்பு. எந்தக் கீ என்று கடைசியில் வரும் பெயரையும் பார்க்க வேண்டும். புரியாத செய்தி வந்தால் மனிதர்கள் போன் செய்கிறார்கள். புரிகிற தமிழில் தவறான காரணம் வந்தால் நம்பிவிடுகிறார்கள், அதுதான் வம்பு.

அந்தப் பெயரைப் பார்ப்பதிலும் ஒரு அடி வாங்கினேன். எங்கள் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லில் 8.0.19 பதிப்பிலிருந்து அந்த இடத்தில் அட்டவணையின் பெயரும் சேர்ந்து, `bills.bill_no` என்று வருகிறது. ஒரு கடையில் பதிப்பை ஏற்றியதும் பழைய பெயரையே தேடிய என் நிரல் தவறி, பழைய ஆங்கிலம் திரும்பி வந்துவிட்டது. இப்போது பதிப்பு மாற்றும்போதெல்லாம் வேண்டுமென்றே ஒரே மதிப்பை இரண்டு முறை சேமித்து, திரையில் என்ன வருகிறது என்று பார்க்கிறேன்.

ஒரு வருடம் கழித்துத்தான் இந்தச் செய்தியே தேவையில்லை என்று உறைத்தது. எண்ணைத் திரை திறக்கும்போது கொடுக்காமல், சேமிக்கும் நொடியில் சர்வரே கொடுத்தால் மோதல் வராது. பிரிண்ட் அதற்கப்புறம் போனால் போதும். இரண்டு நாள் பாடுபட்டு எழுதிய வாக்கியத்தை நானே அழித்தேன்.

இன்றும் என்னைப் படுத்துவது நெட் பாதியில் போவது. சேமி என்று அனுப்பியாயிற்று, பதில் வரவில்லை. கோரிக்கை போகும் வழியில் அறுந்ததா, பில் ஏறிய பிறகு பதில் வரும் வழியில் அறுந்ததா என்று கவுண்டரில் இருக்கும் கணினிக்குத் தெரியாது. இங்கே "ஏறவில்லை" என்று எழுதினால் பொய்யாகிவிடலாம், ஒரே சேலைக்கு இரண்டு பில் விழும். அதனால் ஒவ்வொரு பில்லுக்கும் அனுப்புவதற்கு முன்பே கவுண்டரில் ஒரு தனி அடையாளம் கொடுக்கிறோம். அதே அடையாளத்தோடு இரண்டாவது முறை வந்தால், சர்வர் புது பில் போடாமல் பழைய பில்லின் எண்ணையே திருப்பித் தரும். செய்தி இப்படி இருக்கிறது: "பில் ஏறியதா என்று இன்னும் தெரியவில்லை. புதிதாக அடிக்க வேண்டாம். நெட் வந்ததும் 'சரிபார்' அழுத்துங்கள்."

கீழே சின்ன எழுத்தில் நான்கு எழுத்துக் குறியீடு ஒன்றும் வரும். அதைச் சொன்னால் பதிவுக் கோப்பில் முழு ஆங்கிலப் பிழையையும் நான் எடுத்துக்கொள்வேன். முதலில் அதில் பூஜ்யமும் O எழுத்தும் இரண்டுமே இருந்தன. போனில் "ஓ"வா "சைபரா" என்று கேட்டே பாதி நேரம் போனது. இப்போது இரண்டையும் எடுத்துவிட்டோம்.