ஒரே சராசரி விகிதமா, படி ஏறும் அட்டவணையா?

புதுத் திட்டத்தின் வருவாயை எந்த மூலதனச் செலவோடு, அதாவது திரட்டும் பணத்துக்கு ஆகும் எந்த விகிதத்தோடு, ஒப்பிடுவது? ஆண்டு முழுக்க ஒரே சராசரி விகிதம் போதும் என்பது ஒரு வழி. பணம் திரட்டத் திரட்ட உயரும் விளிம்புச் செலவு, அதாவது அடுத்து திரட்டும் ரூபாயின் செலவு, காட்டும் அட்டவணை இன்னொன்று. முதலீடு சொந்த லாபமும் அதோடு வரும் கடனும் சேர்ந்த அளவுக்குள் அடங்கினால் சராசரியே போதும், வேலையும் குறைவு. அதைத் தாண்டினால் என் ஓட்டு அட்டவணைக்கு.

காரைக்குடியில் முறுக்கும் மனகோலமும் செய்யும் ஒரு தனியார் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். திரட்டும் ஒவ்வொரு ரூபாயிலும் 60 காசு சொந்த முதல், 40 காசு வங்கிக் கடன். கடன் வட்டி 10%, 25% வரி போக 7.5%. பங்கின் மதிப்பு 100 ரூபாய், வரும் டிவிடெண்ட் 8 ரூபாய், வளர்ச்சி 8%. ஆகவே பிடித்துவைத்த லாபத்தின் செலவு 16%. புதுப் பங்கு விற்றால் தள்ளுபடியும் செலவும் போகக் கைக்கு வருவது 80 ரூபாய்தான். 8-ஐ 80-ஆல் வகுத்து வளர்ச்சியைக் கூட்டினால் 18%.

எல்லாம் தங்கியிருப்பது முறிவுப் புள்ளியில், அதாவது பிடித்துவைத்த லாபம் தீர்ந்து செலவு உயரும் இடத்தில். இந்த ஆண்டு லாபம் 90 லட்சம், டிவிடெண்ட் 30 லட்சம், மீதி 60 லட்சம். மலிவுப் பணம் 60 லட்சத்தில் தீர்ந்துவிடும் என்று பலர் கோடு போடுகிறார்கள். அது தவறு. கூடவே கடனும் வருவதால் 60-ஐ 0.6-ஆல் வகுக்க வேண்டும்: புள்ளி 1 கோடி. இன்னொரு தவறு, ஐந்தொகையில் தெரியும் பழைய ரிசர்வை எடுத்துக்கொள்வது. அது ஏற்கெனவே கட்டடமாகவும் சரக்காகவும் மாறிப்போன பணம். வேண்டியது இந்த ஆண்டு மிச்சம் மட்டுமே.

1 கோடி வரை செலவு 0.6 × 16 + 0.4 × 7.5 = 12.6%, அதற்கு மேல் 16-க்குப் பதில் 18 போட்டால் 13.8%. கடனுக்கும் இப்படி ஒரு புள்ளி வரும். வங்கி 50 லட்சத்துக்கு மேல் வட்டியைக் கூட்டினால் அது 1.25 கோடியில் விழும்.

இப்போது திட்டங்கள். புது இயந்திர வரிசைக்கு 70 லட்சம், வருவாய் 16%. அதில் கேள்வியே இல்லை. அடுத்தது தேவகோட்டையில் ஒரு கிடங்கு: 50 லட்சம், வருவாய் 13%. ஒரே விகிதம் 12.6% என்று பார்த்தால் கிடங்கு தேறிவிடும். அட்டவணையில் அதன் முதல் 30 லட்சம் 12.6%-க்கும், மீதி 20 லட்சம் 13.8%-க்கும் வருகிறது. கிடங்குக்கான சராசரி 13.08%. மயிரிழையில் தோற்கிறது. 1.2 கோடி முழுவதற்கும் சராசரி போட்டால் 12.8% வரும், கிடங்கு மறுபடி தேறியதுபோலத் தெரியும். ஆனால் அது இயந்திரத்தின் மலிவுப் பணத்தைக் கிடங்குக்குக் கடன் கொடுப்பது.

ஒரு எச்சரிக்கை: பட்டியலிடாத கம்பெனியில் 16% என்பது மதிப்பீடுதான். அது 15% ஆனால் படியின் உயரம் மாறும், புள்ளி 1 கோடியிலேயே நிற்கும். 13-க்கும் 13.08-க்கும் உள்ள இடைவெளியை வைத்து மட்டும் கிடங்கைத் தூக்கிப்போட நான் சொல்லமாட்டேன்.

புள்ளியையே நகர்த்த முடியுமா என்று பார்க்கலாம். பங்குதாரர்கள் சம்மதித்து டிவிடெண்டை 18 லட்சமாகக் குறைத்தால் மிச்சம் 72 லட்சம், முறிவுப் புள்ளி 1.2 கோடி. கிடங்கு முழுவதும் 12.6%-க்குள் வந்துவிடும்.