மூன்று நிமிட ஓடிபி, நான்கு நிமிடப் பக்கம்: எந்த மாற்றுவழி கைகொடுக்கும்?

போன மாதம் அத்தை வீட்டில் உட்கார்ந்து அவருடைய காப்பீட்டுத் தவணையைக் கார்டு வழியாகக் கட்ட முயன்றேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் சிறிய ஊர். 11:02க்குப் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தினேன். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. 11:03க்குக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. ஆறு இலக்கம், மூன்று நிமிடம் மட்டுமே செல்லும். ஆனால் அந்த இலக்கங்களை இடுவதற்கான கட்டம் திரையில் வந்து சேர 11:04 தாண்டிவிட்டது. இட்டேன், அழுத்தினேன், மறுபடியும் வட்டம். 11:06க்கு விடை வந்தது: ஓடிபி காலாவதியாகிவிட்டது. “நீ மெதுவாகத் தட்டுகிறாய், தம்பி” என்றார் அத்தை.

நான் மெதுவாகத் தட்டவில்லை. சர்வர் எண்ணை உருவாக்கிய நொடியிலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. நாம் செய்தியைப் பார்த்த நேரமோ, கட்டம் திறந்த நேரமோ கணக்கில் இல்லை. இட்ட எண் சர்வருக்குப் போய்ச் சேரும்போது கெடு மிச்சம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குறுஞ்செய்தி நம் டேட்டா வழியே வருவதில்லை. டவருக்கும் கைப்பேசிக்கும் இடையிலான கட்டுப்பாட்டுச் செய்திகளோடு சேர்ந்து வருகிறது. டேட்டாவை அணைத்துவைத்தாலும் வங்கிச் செய்தி வந்து விழுவது அதனால்தான். எனவே தாமதம் இரண்டு இடங்களில் ஏற்படலாம்: செய்தி வரும் பாதையில், அல்லது பக்கம் ஏறி இறங்கும் பாதையில். எது என்று கண்டுபிடிப்பது எளிது. கட்டம் திறப்பதற்கு முன்பே செய்தி வந்துவிட்டால் குற்றவாளி டேட்டா. கட்டம் திறந்து காத்திருக்க, செய்தி வராவிட்டால் குற்றவாளி செய்திப் பாதை. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எந்த மாற்றுவழியை எடுத்தாலும் பாதி நேரம் வீணாகும்.

எல்லோரும் முதலில் கை வைப்பது ‘மீண்டும் அனுப்பு’ பொத்தானில். என் கணக்கில் இருப்பவற்றுள் மோசமான வழி அதுதான். பெரும்பாலான இடங்களில் புதிய எண் பிறந்ததும் பழையது செத்துவிடும். செய்திப் பாதை நெரிசலாக இருந்தால் முதல் செய்தியும் இரண்டாவது செய்தியும் ஒன்றாக, சில சமயம் வரிசை மாறியும் வந்து விழும். பழையதை இட்டுவிட்டுத் ‘தவறான எண்’ என்று திட்டு வாங்குவோம். மூன்று தவறுகளில் கணக்கைப் பூட்டிவிடும் இடங்களும் உண்டு. டேட்டாதான் தாமதம் என்றால் இந்தப் பொத்தானால் பயனே இல்லை. அந்த வேண்டுகோளும் அதே மெதுவான பாதையில்தான் போக வேண்டும்.

செய்தி மட்டும் வராத நிலையில் விமானப் பயன்முறையைப் பத்து நொடி போட்டு எடுப்பது மேலானது. சேராத செய்தி, செய்தி மையத்தில் காத்திருக்கும். கைப்பேசி வலையமைப்பில் புதிதாகப் பதிவாகும்போது அதை மீண்டும் அனுப்பிப் பார்ப்பார்கள். கட்டம் ஏற்கெனவே திரையில் திறந்திருந்தால் இதனால் கேடில்லை, பக்கத்தைப் புதுப்பிக்காமல் இருக்கும்வரை. ஆனால் பக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்தால், இருந்ததும் போய்விடும்.

சில சேவைகள் ‘அழைப்பில் கேட்க’ என்றொரு வழி தருகின்றன. 4ஜி வலையமைப்பில் குரலுக்கு டேட்டாவைவிட முன்னுரிமை உண்டு. பக்கம் நகராத நேரத்திலும் அழைப்பு தெளிவாக வருவது இதனால்தான். ஒரே ஒரு கண்ணி: இரண்டு சிம் உள்ள கைப்பேசியில் அழைப்பு ஒரு சிம்மிலும் டேட்டா மற்றொன்றிலும் இருந்தால், பேசும் நேரத்தில் டேட்டா நின்றுபோகலாம். அழைப்பை முடித்துவிட்டு எண்ணை இட வேண்டும். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ ஓடிபி பெறுவது இதற்கு நேர் எதிர். எது நம்மிடம் குறைவாக இருக்கிறதோ அதையே நம்பும் வழி அது.

டேட்டாதான் சிக்கல் என்றால் பாதையை மாற்றுவதே மருந்து. ஓடிபி வரும் எண் எதுவாகவும் இருக்கட்டும். பக்கத்தை மட்டும் வேறு நிறுவனத்தின் சிம் உள்ள கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் திறக்கலாம். ஒரு டவர் நெரிந்திருக்கும் நேரத்தில் மற்றது காலியாக இருக்கக்கூடும். வீட்டில் கேபிள் இணைப்பு இருந்தால் இன்னும் நல்லது: வைஃபை அழைப்பு வசதியை இயக்கிவைத்தால், டவர் எட்டாத உள் அறையிலும் அழைப்புகள் வரும். பல கைப்பேசிகளில் குறுஞ்செய்தியும் அதே வழியில் வரும். அமைப்புகளில் ஒருமுறை இயக்கினால் போதும். 5ஜிக்கும் 4ஜிக்கும் இடையே ஊசலாடும் இடமென்றால், அமைப்பில் 4ஜியை மட்டும் நிலைநிறுத்திப் பாருங்கள். வேகம் குறைந்தாலும் இணைப்பு அறுபடுவது குறையலாம்.

எண்ணை நம் கைப்பேசியே உருவாக்கும் முறை, காத்திருப்பில் ஒரு பாதியை அடியோடு நீக்குகிறது. அங்கீகாரச் செயலியும் சர்வரும் ஒரே ரகசியத்தை வைத்துக்கொண்டு நேரத்தைப் பார்த்து எண்ணைக் கணக்கிடுகின்றன, வலையமைப்பே தேவையில்லை. எம்ஆதார் செயலியிலும் இப்படி எட்டு இலக்க எண் கிடைக்கும். ஆனால் அதற்கு ஆயுள் 30 நொடிதான். பக்கம் மெதுவாகப் போகும் ஊரில் இது இரட்டை விளிம்புக் கத்தி. எண் புதிதாக மாறிய உடனே இட்டு அனுப்ப வேண்டும்; கைப்பேசிக் கடிகாரம் தானியங்கி நேரத்தில் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் தள்ளியிருந்தால் எல்லா எண்ணும் தவறாகவே போகும், காரணமும் தெரியாது.

எனக்குப் பிடித்தது இதைவிடப் பழைய பாணி: முன்கூட்டியே வாங்கிவைக்கும் எண்கள். கூகுள் கணக்கில் எட்டு இலக்கத்தில் பத்துக் காப்பு எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறை செல்லும், நிமிடக் கெடு கிடையாது. வருமான வரித் தளத்திலும் நிலையான கடவுச்சொல் என்று ஒரு வசதி உண்டு. வலையமைப்பு குறைந்த பகுதிகளில் நுழைவதற்கென்றே வைத்திருக்கிறார்கள். 30 நாள் செல்லும். நல்ல சிக்னல் உள்ள இடத்தில் எடுத்துவைத்துக்கொண்டால் போதும். தாளில் எழுதினால் தாளைப் பூட்டிவைக்க வேண்டும் என்பது வேறு. கணக்கில் நுழையத்தான் இது உதவும். கார்டில் பணம் கட்ட உதவாது.

பணத்துக்கு, ஓடிபியே இல்லாத யுபிஐதான் வசதி. பின் எண் நம் மனத்தில் இருக்கிறது. யாரும் அனுப்பக் காத்திருக்க வேண்டாம். டேட்டா முற்றிலும் இல்லையென்றால் `*99#` அழைத்துப் பட்டியலில் எண்ணைத் தேர்ந்து 5,000 ரூபாய்வரை அனுப்பலாம். ஆனால் அந்தப் பட்டியலும் சற்று யோசித்தால் மூடிக்கொள்ளும். பெறுபவரின் விவரத்தை முன்பே எழுதிவைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

எந்த வழியாக இருந்தாலும் ‘காலாவதி’ என்றோ ‘நேரம் கடந்தது’ என்றோ திரை சொன்னவுடன் மறுபடி கட்டிவிடாதீர்கள். எண் சர்வருக்குச் சரியான நேரத்தில் போயிருந்து, விடை மட்டும் திரும்பி வராமல் இருந்திருக்கலாம். கணக்கில் பணம் கழிந்த செய்தி வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

சென்னையில் இருக்கும் மகனிடம் எண்ணைத் தொலைபேசியில் சொல்லி அவரைக் கட்டச் சொல்லும் வழியும் ஊரில் நிறைய நடக்கிறது. வேகத்தில் எல்லாவற்றையும் வெல்கிறது. ஆனால் ‘ஓடிபி சொல்லுங்கள்’ என்று கேட்டதும் சொல்லிவிடும் பழக்கம் அத்தையிடம் ஏற்பட்டுவிடும். அடுத்த முறை கேட்பவர் மகனாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அத்தையின் தவணையை அன்று மாலை மொட்டைமாடிப் படிக்கட்டின் நடுவில் நின்று கட்டினேன். அவருடைய சிம் அவர் கையில், என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் என் சட்டைப்பையில். கட்டம் இருபது நொடியில் திறந்தது; செய்திதான் இந்த முறை தாமதம். விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தார் அத்தை. வந்துவிட்டது.