"யுபிஐ வேணாம் ப்ரோ, பிளே கோடு அனுப்பு" என்று கேட்டால் காசு திரும்பாது

தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை ரீசார்ஜ் கடைகளில் சில மாதமாக ஒரே மாதிரி ஆட்கள் வருகிறார்கள். கையில் ரொக்கம். "அண்ணே, ஆயிரத்துக்குப் பிளே கோடு அஞ்சு எடுத்துக் குடுங்க." பிளே ஸ்டோரில் செலவழிக்கும் கூகுள் பிளே கிஃப்ட் கோடைத்தான் இப்படிக் கேட்கிறார்கள். கேம் விளையாடும் சின்னப் பையனாக இருந்தால் நூறு, இருநூறுக்குத்தான் கேட்பான். ஐந்தாயிரத்துக்குக் கேட்பவர், பெரும்பாலும் டெலிகிராமில் ஒரு ஆன்லைன் சூதாட்ட ஏஜென்ட்டுக்கு அனுப்பத்தான் கேட்கிறார். இந்தப் பதிவு அவர்களுக்கும், அவர்கள் வீட்டுக்காரர்களுக்கும், கோடு எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர்களுக்கும்.

ஏஜென்ட்கள் ஏன் திடீரென்று கோடு கேட்கிறார்கள்? 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதையும், அவற்றுக்கு வங்கிகளும் பேமெண்ட் கம்பெனிகளும் பணம் அனுப்பிக் கொடுப்பதையும் தடை செய்தது. வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்கில் யுபிஐ வாங்கினால் அந்தக் கணக்கு சீக்கிரம் முடங்கிவிடுகிறது. கிஃப்ட் கோடில் அந்தத் தொல்லை இல்லை. வங்கியின் கண்ணுக்கு நீங்கள் கடையில் ஒரு கிஃப்ட் கார்டு வாங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். சூதாட்டத்துக்குப் போகும் பணத்தை மடக்க வங்கி வைத்திருக்கும் எந்தத் தடையும் இதைப் பிடிக்காது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: அந்தக் கோடு விளையாட்டு ஆப்புக்குப் போவதே இல்லை. நிஜக் காசு சூதாட்டத்துக்குத் தங்கள் பில்லிங்கைப் பயன்படுத்தக் கூடாது என்று கூகுள் பிளே, ஆப்பிள் இரண்டின் விதிகளிலும் இருக்கிறது. ஆகவே பெட்டிங் ஆப் எதுவும் பிளே கோடை நேராக வாங்கிக்கொள்ள வழியில்லை. நீங்கள் அனுப்பும் கோடு யாரோ ஒரு தனி ஆளின் கூகுள் கணக்கில் ஏறுகிறது, அல்லது விலை குறைத்து வேறொருவருக்கு விற்கப்படுகிறது. உங்களுக்குக் கிடைக்கும் 'பாயிண்ட்' அந்த ஆள் தன் பேனலில் தட்டிய ஒரு எண். நாளைக்கு அவன் அதை அழித்தாலும் கேட்க ஆளில்லை.

கொருக்குப்பேட்டைப் பையன் ஒருவனுக்கு நடந்ததைக் கணக்கோடு சொன்னால் தெளிவாகும். கன்டெய்னர் யார்டில் வேலை. ஏஜென்ட் அனுப்பிய மெசேஜ் இது: "யுபிஐ வேணாம் ப்ரோ, அக்கவுண்ட் லாக் ஆவுது. பிளே கோடு அனுப்பு, ரேட் எம்பது." அதாவது நூறு ரூபாய்க் கோடுக்கு எண்பது பாயிண்ட். பையன் 10,000 ரூபாய்க்கு ஆயிரம் ஆயிரமாகப் பத்து கோடு வாங்கினான். 8,000 பாயிண்ட் வர வேண்டும். எடுக்கும்போது பத்து சதவீதம் 'சார்ஜ்' என்றும் சொல்லியிருந்தார்கள். ஒரு ஆட்டம்கூட ஆடாமல் அப்படியே திருப்பி எடுத்தாலும் கைக்கு 7,200தான் வரும். 2,800 ரூபாய் வாசலிலேயே போயாச்சு. இந்தக் கணக்கை ஆடுகிறவர்கள் போட்டுப் பார்ப்பதில்லை, ஏனென்றால் கோடு வாங்கும்போது ஆயிரத்துக்கு ஆயிரம்தான் கட்டுகிறார்கள். வெட்டு பிறகுதான் விழுகிறது.

அந்தப் பத்தில் மூன்று கோடு 'செல்லவில்லை' என்று ஏஜென்ட் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட கோடு என்று பிளே ஸ்டோரே காட்டும் அசல் செய்தி அது, போட்டோஷாப் இல்லை. செய்வது சுலபம்: ஒரு போனில் கோடை ஏற்றிவிட்டு, அதே கோடை இன்னொரு போனில் போட்டால் அந்தச் செய்தி வந்துதான் தீரும். பையன் கடைக்காரரிடம் போய், "செத்த கோடு குடுத்துட்டீங்க" என்று சண்டை போட்டான். கடைக்காரர் எடுத்தது நல்ல கோடு. இருவருக்கும் நடுவில் ஏஜென்ட் மூவாயிரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வங்கியிடம் போனால் என்ன சொல்வார்கள்? யுபிஐ பின்னை நீங்களே போட்டீர்கள், கேட்ட பொருள் கிடைத்துவிட்டது, இதில் மோசடிப் பரிவர்த்தனை எங்கே என்பார்கள். அவர்கள் பக்கம் அது சரிதான். கோடை விற்றவரும் பொருளைக் கொடுத்துவிட்டார். பிளே பேலன்ஸ் ஒரு கணக்கில் ஏறியபின் இன்னொரு கணக்குக்கு மாற்ற முடியாது, ரொக்கமாகவும் ஆகாது. ஒரே ஒரு ஜன்னல் உண்டு, அதுவும் சில நிமிடம்தான். கோடை அனுப்பிவிட்டுச் சந்தேகம் வந்தால் ஏஜென்ட்டிடம் வாதாடாதீர்கள். உடனே உங்கள் போனில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு, `Payments & subscriptions` உள்ளே `Redeem code` போய் அதே கோடைப் போடுங்கள். அவன் இன்னும் ஏற்றாமல் இருந்தால் உங்கள் கணக்கில் விழுந்துவிடும். காசாகத் திரும்பாது, ஆனால் ஆப், சந்தா என்று நீங்களாவது செலவழிக்கலாம். ஏற்கெனவே போய்விட்டது என்று காட்டினால் அந்தத் திரையைப் படம் பிடித்து, கோடு வாங்கிய ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது கோடு அனுப்பி ஏமாந்தவன் கதை. ஜெயித்தவனுக்கு வரும் கேடு இதைவிடப் பெரியது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. கோடாக உள்ளே போன பணம் வெளியே வரும்போது கோடாக வருவதில்லை. உங்கள் வங்கிக் கணக்கில், முன்பின் தெரியாத ஒரு பெயரிலிருந்து வருகிறது. அந்த ஆள் வேறு மாநிலத்தில் ஏதோ பார்ட் டைம் வேலை மோசடியில் ஏமாந்து பணம் கட்டியவராக இருக்கலாம். ஏமாந்தவரின் பணத்தை நேராக ஜெயித்தவருக்குத் திருப்பிவிடுவது ஏஜென்ட்டுக்கு லாபம்: அவன் கணக்கு எதுவும் வெளியே தெரியாது. ஏமாந்தவர் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் புகார் கொடுத்ததும் பணம் போன தடத்தில் உள்ள கணக்குகளை முடக்குகிறார்கள். அதில் உங்களுடையதும் ஒன்று. ஆடி ஜெயித்த வகையில் நம்ம பையனுக்கு 6,000 ரூபாய் வந்தது, அடுத்த வாரம் சம்பளக் கணக்கே லாக். சம்பளம் உள்ளே வருகிறது, வெளியே எடுக்க முடியவில்லை.

இப்படி ஆனால் கிளையில் மேனேஜரிடம் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: எந்தப் புகார் எண், எந்த ஊர் போலீஸ், எவ்வளவு தொகை. மூன்றாவதுதான் முக்கியம். தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்குவது சரியல்ல என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. சந்தேகத்துக்குரிய 6,000-ஐ மட்டும் லீன் போட்டுப் பிடித்துவைத்துவிட்டு மீதியை விடுங்கள் என்று அந்தப் புகாரை விசாரிக்கும் அதிகாரிக்கு மனு அனுப்பி, நகலை வங்கியில் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் எதற்காக வந்தது என்று கேட்பார்கள். 'நண்பர் கடனைத் திருப்பினார்' என்று கதை கட்டாதீர்கள். அனுப்பியவரையும் விசாரிப்பார்கள், அவர் உங்களைத் தெரியாது என்பார்.

அடுத்தது போஸ்ட்பெய்டு பில். இது வீட்டுக்குள்ளேயே நடப்பதால் கண்டுபிடிக்க நாள் ஆகும். பிளே ஸ்டோரில் கட்டணத்தை மொபைல் பில்லில் சேர்க்கும் வசதி சில போஸ்ட்பெய்டு இணைப்புகளுக்கு உண்டு. இதில் யுபிஐ பின் இல்லை, வங்கி எஸ்எம்எஸ் இல்லை. இந்த வசதியை வைத்து கார்டு கேம் ஒன்றில் பந்தயக் காயான சிப்ஸ் வாங்குகிறார்கள். அந்தச் சிப்ஸை விளையாட்டு ஆப் காசாக்கித் தராது. ஆகவே ஏஜென்ட் போட்டிருக்கும் டேபிளில் உட்கார்ந்து வேண்டுமென்றே தோற்றுச் சிப்ஸை அவனிடம் தள்ளுகிறார்கள். அவன் பாதி விலைக்குக் காசோ பாயிண்டோ தருகிறான். அம்மா பெயரில் உள்ள நம்பரில் 4,000 ரூபாய் பில்லாகிறது, பையன் கைக்கு 2,000 வருகிறது. சில இடங்களில் அதுவும் வருவதில்லை. தோற்றபின் ஏஜென்ட் டேபிளைக் கலைத்துவிட்டுப் போனால், அந்த ஆட்டத்தில் நீங்கள் முறைப்படி தோற்றவர்தான்.

பில்லில் இது பேச்சு, டேட்டாவுக்கு அடியில் தனி வரியாக இருக்கும். எந்த ஆப், எத்தனை முறை என்ற விவரம் பில்லில் தேடிக் கிடைக்காது. அது அந்தப் போனின் ஜிமெயிலில், `GPA.` என்று தொடங்கும் ஆர்டர் எண்ணோடு வந்த ரசீதுகளில் இருக்கும். மெயிலை அழித்திருந்தாலும் பிளே ஸ்டோரில் `Payments & subscriptions` உள்ளே `Budget & history`-யில் பார்க்கலாம். வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே ரீஃபண்ட் கேட்கலாம், ஆனால் கேட்பதும் கிடைப்பதும் வேறு. சிப்ஸ் கைமாறியிருந்தால் நம்பிக்கை வைக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் வெளியாள் யாரோ செய்திருந்தால், 120 நாளுக்குள் அதைத் தனியாகப் புகார் செய்ய வழி இருக்கிறது. வீட்டுப் பையன் செய்ததை வெளியாள் தலையில் போட்டால் அது இன்னொரு சிக்கல்.

பில்லைக் கட்டாமல் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். முதலில் அவுட்கோயிங் நிற்கும், பிறகு இணைப்பே போகும். அந்த நம்பரில்தான் அம்மாவின் வங்கி ஓடிபி, ஆதார் ஓடிபி, கேஸ் புக்கிங் எல்லாம். சூதாட்டக் கடன் ஒரு சிம்மை விழுங்கினால் அதோடு இவ்வளவும் போகும். இன்றைக்கே செய்யக்கூடியது: வீட்டுப் போஸ்ட்பெய்டு சிம் உள்ள ஒவ்வொரு போனிலும் பிளே ஸ்டோரின் `Payment methods` போய், மொபைல் பில்லிங் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். வாங்கும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு அல்லது கைரேகை கேட்கும்படி செட்டிங்ஸில் மாற்றிவிடுங்கள். கஸ்டமர் கேரில் வெளி ஆப் கட்டணங்களை இந்த நம்பரில் நிறுத்தச் சொல்லுங்கள். தானாக ஒட்டிக்கொண்ட மதிப்புக் கூட்டுச் சேவைகள் என்றால் 155223-க்கு அழைத்து நிறுத்தலாம். ஆனால் பிளே ஸ்டோர் வழி வரும் கட்டணத்தை அந்த எண் நிறுத்தாது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ரீசார்ஜ் கடை அண்ணன்களே, ரொக்கம் வாங்கிக்கொண்டு உங்கள் யுபிஐயில் கோடு எடுத்துக் கொடுத்தால் பதிவில் வாங்கியவர் நீங்கள். அந்த ரொக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. விசாரணை வந்தால் முதல் போன் உங்களுக்குத்தான். பெரிய தொகைக்குக் கேட்டால், "உன் போன்லயே எடுத்துக்கோப்பா" என்று சொல்லிவிடுங்கள்.

ஏமாந்தவர் புகார் செய்ய 1930, அல்லது cybercrime.gov.in. ஏஜென்ட்டின் டெலிகிராம் யூசர்நேம், முழுச் சாட், கோடு ரசீதுகள், பணம் வந்த பரிவர்த்தனைக்கு வங்கி காட்டும் யுடிஆர் எண் எல்லாம் கையில் இருக்கட்டும். சாட்டை அழித்துவிட்டுப் புகாருக்குப் போனால் காட்ட ஒன்றும் இருக்காது. "புகார் குடுத்தா நீயும் உள்ள போவ" என்று ஏஜென்ட் மிரட்டுவான். மத்தியச் சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனை கிடையாது. தமிழ்நாட்டுச் சட்டத்தில் சூதாட்டம் ஆடியவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே உண்டு. அந்தப் பயம் இருந்தால் புகாருக்கு முன் இலவசச் சட்ட உதவி எண் 15100-க்கு அழைத்து, வக்கீல் ஒருவரிடம் பேசிவிட்டுப் போங்கள்.